ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு காரணம்: வினா எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு பரீட்சகரின் குறிப்பு

பலதேர்வு வினா எழுதித் தரும் ஆசிரியர்களிடம் இந்த முறை ஒன்றைக் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம். சரியான விடையின் இலக்கத்தை மட்டும் எழுதி அனுப்பாமல், நான்கு தெரிவுகளுக்கும் தனித்தனியே காரணம் எழுதி அனுப்ப வேண்டும். சரியான தெரிவு ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வசனம் போதும். திருகோணமலையில் தவணைப் பரீட்சை வினாக்களைச் சரிபார்க்க உட்காரும்போது என் கைக்கு வரும் தாள்களில் பெரும்பாலும் வினாவும் நான்கு தெரிவுகளும் கடைசியில் ஓர் இலக்கமும்தான் இருக்கும். காரணம் எழுதியிருந்தாலும் "1 பிழை, 2 பிழை, 3 சரி, 4 பொருத்தமற்றது" என்பதோடு நின்றுவிடும். இதை வைத்து அந்த வினா நல்லதா என்று யாராலும் சொல்ல முடியாது.

காரணம் என்று நாங்கள் கேட்பது என்ன, அதை எப்படி எழுதுவது என்று முதல் தடவை வினா எழுதுபவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன். பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் தரம் 10 விஞ்ஞானத்தில் மிதத்தலைப் பற்றிய ஒரே ஒரு வினாவை எடுத்து, அதற்குக் காரணம் எழுத எழுத என்ன நடக்கிறது என்று கடைசிவரை பார்ப்போம். வினாவை நானே இதற்கென்று அமைத்தேன்.

முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

820 கிலோகிராம் திணிவுள்ள ஒரு படகு கொட்டியாரக்குடாவில் கடல் நீரில் மிதக்கிறது. பின்னர் அது மகாவலி கங்கைக்குள் செல்கிறது. அங்கே படகின் மீது தாக்கும் மேலுதைப்பு எவ்வளவு? (கடல் நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1025 கிலோகிராம், நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், g = 10)

(1) 820 நியூற்றன்
(2) 8000 நியூற்றன்
(3) 8200 நியூற்றன்
(4) 8405 நியூற்றன்

விடை (3). பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எண்கள் ஏறுவரிசையில் இருக்கின்றன, தரவுகள் தரப்பட்டிருக்கின்றன, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான இடமும்கூட. அச்சுக்கு அனுப்பலாம் என்றுதான் தோன்றும்.

சரி, இப்போது சரியான விடைக்குக் காரணம் எழுதுவோம். "மிதத்தல் தத்துவத்தின்படி 8200 நியூற்றன்" என்று எழுதினால் அது காரணம் ஆகாது. தத்துவத்தின் பெயரைச் சொல்வதால் பிள்ளை எந்தப் படிகளைத் தாண்டி அங்கே வர வேண்டும் என்பது தெரியாது. படிகளோடு எழுதினால் இப்படி வரும்: படகு நிலையாக மிதக்கும்போது அதன் மீதான மேலுதைப்பும் அதன் நிறையும் சமன். படகின் நிறை 820 × 10 = 8200 நியூற்றன். நன்னீரிலும் படகு நிலையாக மிதப்பதாலும் அதன் நிறை மாறாததாலும் மேலுதைப்பு 8200 நியூற்றனாகவே இருக்கும்.

இந்த மூன்று வசனங்களையும் எழுதி முடித்ததும் வினாவைத் திரும்ப வாசியுங்கள். காரணத்தில் "நிலையாக மிதக்கும்போது" என்று இருக்கிறது. வினாவில் அந்தச் சொல் இல்லை, "செல்கிறது" என்றுதான் இருக்கிறது. இயந்திரப் படகு வேகமாக ஓடும்போது அதன் அடிப்பகுதியைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும், முன்பக்கம் மேலெழும். அப்போது நிறையைத் தாங்குவது மேலுதைப்பு மட்டும் அல்ல. மூதூரிலோ கிண்ணியாவிலோ கடற்கரையோரம் வளர்ந்த பிள்ளைக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். காரணத்தில் "நிறை மாறாததால்" என்றும் இருக்கிறது. பயணத்தில் எரிபொருள் செலவாகவில்லை, யாரும் ஏறவில்லை இறங்கவில்லை என்றும் வினாவில் இல்லை. எரிபொருளைப் பற்றி எந்தப் பிள்ளையும் சண்டைக்கு வராது என்று நினைக்கலாம். ஆனால் "அதே சுமையுடன்" என்று இரண்டு சொல் சேர்ப்பதில் நமக்கு என்ன நட்டம்?

அப்புறம், மகாவலி கங்கை. காரணத்தில் "நன்னீரிலும்" என்று எழுதிவிட்டோம். கங்கை கொட்டியாரக்குடாவில் கலக்கும் இடத்தில் தண்ணீர் சுத்தமான நன்னீர் இல்லை. அங்கே கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கின்றன, மழை இல்லாத காலத்தில் உவர்ப்பு ஆற்றுக்குள் ஏறும். அந்தப் பக்கத்துப் பிள்ளை "கங்கைக்குள்" என்று வாசித்ததும் ஆற்றுவாயைத்தான் நினைக்கும். அடைப்புக்குறிக்குள் நன்னீரின் அடர்த்தி தரப்பட்டிருந்தாலும், படகு மிதக்கும் தண்ணீர் அந்த நன்னீர்தான் என்று வினா எங்கேயும் சொல்லவில்லை. உள்ளூர்ப் பெயர் போட்டால் வினா பிள்ளைக்கு நெருக்கமாகும் என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தைப் பற்றி நம்மைவிடக் கூடுதலாகத் தெரிந்த பிள்ளை அதனாலேயே குழம்பக்கூடாது.

இங்கே நாம் செய்தது மிகச் சின்ன வேலை. காரணத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது வினாவில் இருக்கிறதா, இல்லை நான் என் தலையிலிருந்து எடுத்துச் சேர்த்தேனா என்று பார்த்தோம். சரியான விடைக்கான காரணம் வினாவில் இல்லாத ஒரு நிபந்தனையைக் கடன் வாங்கினால், பிழை காரணத்தில் இல்லை, வினாவில் இருக்கிறது. எழுதியவருக்கு இது தானாகக் கண்ணில் படாது. ஏனென்றால் அந்த நிபந்தனை அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதி வைத்தால்தான் வினாவோடு ஒப்பிட முடியும்.

இனிப் பிழையான தெரிவுகளுக்கு வருவோம். என் அனுபவத்தில் வினா எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பிழையான தெரிவின் காரணத்தில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை என்ன நினைத்தால் இந்த விடைக்கு வரும் என்பது ஒன்று. அந்த நினைப்பு எந்த இடத்தில் பிழைக்கிறது என்பது மற்றது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரணம் பாதிதான்.

(2), 8000 நியூற்றன். எழுதிப் பார்ப்போம்: கடலில் படகு 820 ÷ 1025 = 0.8 கனமீற்றர் நீரை இடம்பெயர்த்தது. நன்னீரிலும் அதே 0.8 கனமீற்றர்தான் அமிழ்ந்திருக்கும் என்று பிள்ளை நினைக்கிறது. அதனால் 0.8 × 1000 × 10 = 8000 என்று வருகிறது. பிழை எங்கே என்றால், மேலுதைப்பு 8000 ஆகவும் நிறை 8200 ஆகவும் இருந்தால் படகு அப்படியே நிற்க முடியாது. மிச்சமுள்ள 200 நியூற்றன் அதைக் கீழே இழுக்கும், படகு மேலும் அமிழும். இது நல்ல தெரிவு. அடர்த்தி குறைந்தால் மேலுதைப்பும் குறையும் என்று நினைக்கும் பிள்ளை உண்மையிலேயே வகுப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இந்த எண்ணுக்குத்தான் வரும்.

(1), 820 நியூற்றன். காரணம்: பிள்ளை திணிவையே நிறையாக எடுத்துவிட்டது, 10 ஆல் பெருக்கவில்லை. இதுவும் வகுப்பில் நடக்கும் பிழைதான், காரணத்தை எழுத முடிகிறது. ஆனால் எழுதிய காரணத்தைத் திரும்பப் பாருங்கள். அதில் மிதத்தலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேலுதைப்பு மாறாது என்பதைச் சரியாக விளங்கிக்கொண்ட பிள்ளை, அவசரத்தில் பெருக்க மறந்து இங்கே வந்து விழும். மிதத்தல் அடியோடு விளங்காத பிள்ளைக்குக் கிடைக்கும் அதே பூச்சியம்தான் இதற்கும் கிடைக்கும். திணிவையும் நிறையையும் வேறுபடுத்தத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் அதற்கு வேறு வினா எழுதலாம். இந்த வினாவின் நோக்கம் அது இல்லை. காரணம் வேறு பாடத்தைப் பற்றிப் பேசினால் தெரிவும் வேறு பாடத்துக்கு உரியது.

(4), 8405 நியூற்றன். இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்த எண் எப்படி வந்தது என்று வினா எழுதியவரைக் கேட்டால் விடை தயாராக இருக்கும்: நன்னீரில் படகு 0.82 கனமீற்றர் அமிழும், பிள்ளை அந்தக் கனவளவோடு கடல் நீரின் அடர்த்தியைப் பெருக்கிவிட்டது, 0.82 × 1025 × 10 = 8405. கணக்குச் சரி. காரணம் முழுமையாக இருப்பதுபோலவும் தெரிகிறது.

ஆனால் அந்த வழியில் ஒரு பிள்ளை உண்மையில் நடந்து போகுமா? 0.82 என்ற எண் வினாவில் இல்லை. பிள்ளையே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க, இடம்பெயர்ந்த நன்னீரின் நிறை படகின் நிறைக்குச் சமன் என்று எடுத்து, 8200 ஐ 1000 × 10 ஆல் வகுக்க வேண்டும். அதாவது மேலுதைப்பு 8200 என்பதை அந்தப் பிள்ளை ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று. விடையைக் கையில் வைத்துக்கொண்டே, அதிலிருந்து கனவளவைக் கண்டுபிடித்து, பிறகு பிழையான அடர்த்தியால் பெருக்கி வேறொரு விடைக்குப் போகும் பிள்ளை எங்கே இருக்கிறது? இந்த எண்ணை ஒரு ஆசிரியர் பின்னாலிருந்து செய்திருக்கிறார். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அங்கே வழியே இல்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? காரணத்தைப் பிள்ளை செய்யும் வரிசையிலேயே எழுதுங்கள். முதலில் எந்தத் தரவைப் பார்க்கிறது, அடுத்து என்ன செய்கிறது, எந்தப் படியில் வழி மாறுகிறது. இந்த வரிசையில் எழுதும்போது, சரியான விடையைத் தொட்டுவிட்டுத்தான் பிழையான விடைக்குப் போக முடியும் என்று வந்தால் அந்தத் தெரிவை எடுத்துவிடலாம்.

ஆக, நான்கு தெரிவுகளில் இரண்டுதான் தேறின. இந்த நிலையில் பலர் காலியான இடத்தை நிரப்ப ஏதாவது ஓர் எண்ணைத் தேடுவார்கள், 9000 போடலாமா, பூச்சியம் போடலாமா என்று. மூன்றே தெரிவுகள் போதும் என்று காட்டும் ஆய்வுகள் அளவீட்டுத் துறையில் இருக்கின்றன. ஆனால் நமது சாதாரண தரப் பரீட்சை அமைப்பு விஞ்ஞானத்தில் நான்கு தெரிவுகளைக் கேட்கிறது, பிள்ளைகளும் அதற்குத்தான் பழக வேண்டும். அதனால் நான் சொல்வது இதுதான்: காரணம் வராத தெரிவுக்கு வேறு எண் தேடாதீர்கள், வினா கேட்கும் விதத்தை மாற்றுங்கள். எண்ணைக் கேட்பதால்தான் 820 உம் 8405 உம் உள்ளே வந்தன. பிள்ளையின் எண்ணத்தையே நேராகக் கேட்டால் என்ன?

ஒரு படகு கடல் நீரில் நிலையாக மிதக்கிறது. அதே சுமையுடன் அது நன்னீர் ஏரி ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மீண்டும் நிலையாக மிதக்கிறது. கடல் நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியிலும் கூடியது. கடலில் இருந்ததுடன் ஒப்பிடும்போது, ஏரியில் படகின் மீதான மேலுதைப்பும் படகின் அமிழ்ந்த கனவளவும் முறையே

(1) குறையும், கூடும்
(2) குறையும், மாறாது
(3) மாறாது, கூடும்
(4) மாறாது, மாறாது

இப்போது நான்குக்கும் காரணம் எழுதிப் பாருங்கள். நான் எழுதியதைக் கீழே தருகிறேன்.

தெரிவு (3) சரி. இரு தடவையும் படகு நிலையாக மிதப்பதால் மேலுதைப்பு படகின் நிறைக்குச் சமன். சுமை மாறாததால் நிறை மாறவில்லை, மேலுதைப்பும் மாறவில்லை. அடர்த்தி குறைந்த நீரில் அதே மேலுதைப்பைப் பெற, கூடிய கனவளவு நீரை இடம்பெயர்க்க வேண்டும். 820 கிலோகிராம் படகானால் 0.80 கனமீற்றர் 0.82 கனமீற்றராகும்.

தெரிவு (1): நன்னீர் குறைவாகத்தான் தாங்கும், அதனால்தான் படகு தாழ்கிறது என்று பிள்ளை நினைக்கிறது. படகு தாழும் என்பது சரி. ஆனால் தாழத் தாழ இடம்பெயரும் நீர் கூடுகிறது, மேலுதைப்பும் கூடுகிறது. அது நிறைக்குச் சமனானதும் படகு தாழ்வதை நிறுத்திவிடும். பிள்ளை இடையில் நடப்பதைப் பார்த்தது, முடிவு நிலையைப் பார்க்கவில்லை.

தெரிவு (2): மேலுதைப்பு அடர்த்தியில் மட்டும் தங்கியிருக்கிறது, அமிழ்ந்த அளவு படகின் வடிவத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்று பிள்ளை நினைக்கிறது. அப்படியானால் மேலுதைப்பு நிறையிலும் குறைந்துவிடும், படகு அந்த நிலையில் மிதக்க முடியாது.

தெரிவு (4): மிதக்கும் பொருளில் மேலுதைப்பு நிறைக்குச் சமன் என்ற விதியைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது. படகும் அதே படகு, எனவே ஒன்றுமே மாறாது என்று முடிவு செய்கிறது. ஆனால் அதே கனவளவு நன்னீரின் நிறை கடல் நீரின் நிறையிலும் குறைவு, அது படகைத் தாங்கப் போதாது.

தெரிவு (1) இன் காரணத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வினாவில் "மீண்டும் நிலையாக மிதக்கிறது" என்பது இல்லாவிட்டால், படகை நன்னீரில் இறக்கிய அந்தக் கணத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒரு பிள்ளை வாதிடலாம். அதை நம்மால் மறுக்க முடியாது. அந்தக் கணத்தில் மேலுதைப்பு நிறையிலும் குறைவாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் படகு தாழவே மாட்டாது. "மீண்டும்" என்ற சொல்லை நான் வினாவில் சேர்த்தது தெரிவு (1) இற்குக் காரணம் எழுதியபோதுதான். பிழையான தெரிவின் காரணம் வினாவை எப்படித் திருத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பரீட்சை முடிந்து "சேர், இரண்டு விடை சரி" என்று பெற்றோரும் பிள்ளைகளும் வந்து நிற்கும் வினாக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒரு பிழையான தெரிவு எந்த நிபந்தனையில் சரியாகும் என்று முன்பே கேட்டிருந்தால், அந்த நிபந்தனையை வினாவிலேயே அடைத்திருக்கலாம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். "குறையும்" இரண்டு தடவை, "மாறாது" இரண்டு தடவை, இரண்டாவது பகுதியிலும் அதேபோல. இது வேண்டுமென்றே செய்தது. மூன்று தெரிவுகளில் "கனவளவு கூடும்" என்று இருந்தால், எது கூடுதல் தடவை வருகிறதோ அதுதான் சரியாக இருக்கும் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை பாடத்தைத் தொடாமலே ஊகிக்கும். பெரும்பாலும் அந்த ஊகம் பலிக்கும், ஏனென்றால் வினா எழுதுபவர் சரியான விடையை முதலில் எழுதிவிட்டு, அதில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி மாற்றி மற்றவற்றைச் செய்கிறார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. படகு மேலும் அமிழ்கிறது, எனவே மேலுதைப்பும் கூடும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த நான்கில் இடம் இல்லை. அந்த எண்ணமும் வகுப்பில் இருப்பதுதான். நான்கு இடத்தில் எல்லா எண்ணத்தையும் அடக்க முடியாது. அதை அடுத்த தவணை வினாவுக்கு வைத்துக்கொள்ளலாம். எதை விட்டோம் என்று தெரிந்து விடுவதற்கும் தெரியாமல் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதனால் காரணத் தாளின் கீழே அதையும் ஒரு வரி குறித்து வைப்பது நல்லது.

கணக்கும் தத்துவமும் உள்ள பாடங்களுக்குத்தான் இது பொருந்தும், வரலாறு போன்ற பாடத்தில் பிழையான விடைக்கு என்ன காரணம் எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. நம் கண் முன்னே இருக்கும் பிரெட்றிக் கோட்டையையே எடுப்போம். அந்த இடத்தில் முதன்முதலில் கோட்டை கட்டிய ஐரோப்பியர் யார் என்று கேட்டால் விடை போர்த்துக்கேயர், 1624 இல். ஆங்கிலேயர் என்ற தெரிவை ஏன் எடுப்பார்கள்? கோட்டையின் பெயர் ஆங்கிலப் பெயராகத் தோன்றுகிறது. காரணம் எழுதினால்: அந்தப் பெயரை 1803 இல் சூட்டியவர்கள் ஆங்கிலேயர், ஆனால் அவர்கள் 1795 இல் இதைக் கைப்பற்றும்போதே கோட்டை இருந்தது. ஒல்லாந்தர் என்ற தெரிவுக்கு: 1639 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்கள், பின்னர் கோட்டையைத் திரும்பக் கட்டியவர்கள். இந்தக் காரணத்தை எழுதும்போதே "முதன்முதலில்" என்ற சொல் வினாவில் ஏன் கட்டாயம் என்று புரியும். அது இல்லாவிட்டால் ஒல்லாந்தரும் சரிதான். பிரெஞ்சுக்காரருக்கு: 1782 இல் அவர்களின் கடற்படை திருகோணமலையைப் பிடித்தது, எனவே பிள்ளை அந்தப் பெயரை இந்த ஊரோடு சேர்த்துப் படித்திருக்கும். கட்டியவர்கள் அவர்கள் இல்லை. மூன்றுக்கும் உண்மையான நிகழ்ச்சி ஒன்று பின்னால் இருக்கிறது. ஜப்பானியர் என்று ஒரு தெரிவு போட்டிருந்தால், 1942 இல் குண்டு போட்டார்கள் என்பது தவிர வேறொன்றும் எழுத வராது. கோட்டை கட்டியவர்கள் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கவும் மாட்டாது.

காரணத்தின் மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "விடை (3) என்பதால் இது பிழை" என்று எழுத வேண்டாம். எந்த வினாவின் எந்தப் பிழையான தெரிவுக்கும் அதை ஒட்டிவிடலாம் என்பதால் அது எதையும் சொல்லவில்லை. எழுதி முடித்த காரணத்தைத் தனியாக வேறொரு ஆசிரியரிடம் வாசித்துக் காட்டுங்கள், தெரிவின் இலக்கத்தைச் சொல்லாமல். எந்தத் தெரிவுக்கு உரியது என்று அவர் சரியாகச் சொன்னால் காரணம் தெளிவாக இருக்கிறது. இரண்டு தெரிவுக்கும் பொருந்துகிறது என்று சொன்னால், அந்த இரண்டு தெரிவும் ஒரே எண்ணத்தைத்தான் அளக்கின்றன, ஒன்றை மாற்றலாம். "கவனக்குறைவு" என்றும் எழுத வேண்டாம். எதில் கவனம் குறைந்தது என்று எழுதுங்கள். "மேற்கூறிய யாவும்", "மேற்கூறிய எதுவுமில்லை" என்ற தெரிவுகளுக்குத் தனிக் காரணம் எழுத முயன்றால், மற்ற மூன்றின் காரணங்களைத் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அவற்றை எங்கள் தாள்களில் ஏற்கிறதில்லை.

பரீட்சைக்குப் பிறகு இந்தக் காரணங்கள் என்ன ஆகின்றன? வகுப்பில் 40 பேர் எழுதினார்கள் என்று வைப்போம். ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று விடைத்தாள்களைப் பார்த்து எண்ணுவது அரை மணி வேலை. படகு வினாவில் 18 பேர் (3), 14 பேர் (1), 2 பேர் (2), 6 பேர் (4) என்று வந்தால், "18 பேர் சரி" என்பதை மட்டும் வைத்து என்ன கற்பிப்பது? காரணத் தாள் பக்கத்தில் இருந்தால், படகு தாழும் என்று 14 பேருக்குத் தெரிந்திருக்கிறது, தாழ்வது எப்போது நிற்கும் என்பதுதான் விளங்கவில்லை என்று உடனே தெரியும். அவர்களுக்கு அடர்த்தியை முதலிலிருந்து படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு வாளி தண்ணீரும், கொஞ்சம் மணல் போட்ட போத்தலும், வில் தராசும் போதும். போத்தலைத் தராசில் தொங்கவிட்டு மெல்ல மெல்ல இறக்கினால், அமிழ அமிழ வாசிப்புக் குறைந்து, மிதக்கத் தொடங்கும்போது பூச்சியத்துக்கு வருவதைக் கண்ணால் காட்டலாம். (4) ஐ எடுத்த 6 பேருக்கு வேண்டியது வேறு. அதே போத்தலை உப்பு நீரிலும் நன்னீரிலும் மாறி மாறி மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துக் காட்ட வேண்டும். உப்பைத் தாராளமாகக் கரையுங்கள். கடல் நீரின் அளவுக்கு மட்டும் கரைத்தால் இரண்டு கோடுகளும் மிக நெருங்கி வந்துவிடும், பின் வரிசைப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு தெரிவை நூற்றுக்கு ஐந்து பேர்கூட எடுக்கவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று கொள்வது பரீட்சை அளவீட்டில் வழக்கம். ஒரு வகுப்பின் 40 பேரை வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. தெரிவு (2) ஐ 2 பேர்தான் எடுத்தார்கள் என்பதற்காக உடனே வெட்ட வேண்டாம், வேறு பாடசாலைகளின் எண்ணிக்கையும் வரட்டும். மறுபக்கம், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே கூட்டமாக ஒரு பிழையான தெரிவுக்குப் போயிருந்தால் காரணத் தாளைத் திரும்ப எடுங்கள். அந்தப் பிள்ளைகள் நாம் எழுதாத ஒரு காரணத்தை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது நியாயமானதாகவும் இருக்கலாம். ஓரிருவரைக் கூப்பிட்டு "ஏன் மகள் இதை எடுத்தீங்க?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

அனுப்பும்போது வினாக்களை ஒரு தாளிலும் காரணங்களை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். சரிபார்ப்பவர் முதலில் காரணத்தைப் பார்க்காமல் வினாவைச் செய்து பார்க்க வேண்டும், அதற்குத்தான். காரணத் தாளில் வினா இலக்கம், தெரிவு இலக்கம், பிள்ளையின் எண்ணம், அது பிழைக்கும் இடம் என்ற நான்கும் இருந்தால் போதும். ஏதாவது ஒரு தெரிவுக்குக் காரணம் வரவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அப்படியே அனுப்புங்கள். தாள் சரிபார்க்கும் நாளில் எல்லோரும் சேர்ந்திருக்கும்போது முதலில் அந்த வெற்றிடங்களைத்தான் எடுப்போம்.